பத்திரிகைப் படத்திலிருந்து கைப்பேசி நாட்காட்டிக்கு: ஒரு கும்பகோணத்துக் கல்யாணக் குறிப்பு

பெரியப்பாவின் பேத்திக்குக் கல்யாணம் என்ற செய்தி சென்ற ஆண்டு ஜூலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு புகைப்படமாக வந்து சேர்ந்தது. அரக்குச் சிவப்பு அட்டையில் பொன் எழுத்துகள், மேலே பிள்ளையார், கீழே இரு வீட்டாரின் நீண்ட பெயர்ப் பட்டியல். நான் டொராண்டோவில் இருந்துகொண்டு, படத்தில் உள்ள எழுத்தைப் படித்து நாட்காட்டியில் நிகழ்வாகச் சேர்க்கும் கைப்பேசி வசதியை நம்பி, படத்தின்மேல் விரலை அழுத்தினேன். நிகழ்வு சேமிக்கப்பட்டதாகத் திரை சொன்னது. ஆனால் செப்டம்பர் மாதத்தைத் திறந்து பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை.

பத்திரிகையின் முதன்மையான வாசகம் இது: ‘நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் ஆவணி மாதம் 19ஆம் நாள் (4-9-2025) வியாழக்கிழமை, துவாதசி திதியும் உத்திராட நட்சத்திரமும் கூடிய சுபதினத்தில் காலை 7.30 மணிக்கு மேல் 9.00 மணிக்குள் கன்னி லக்னத்தில்.’ இந்த நீண்ட வாக்கியத்தில் கைப்பேசி பிடித்துக்கொண்டது அடைப்புக்குறிக்குள் இருந்த எண்களை மட்டுமே. என் கைப்பேசியின் மொழி அமைப்பு மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் வைக்கும் அமெரிக்க முறையில் இருந்ததால், 4-9 என்பதை அது ஏப்ரல் 9 என்று கொண்டது. ஜூலையில் அமர்ந்துகொண்டு ஏப்ரலில் ஒரு கல்யாணத்தைச் சேமித்தால் நினைவூட்டல் எங்கிருந்து வரும்? பிழைச் செய்தி எதுவும் இன்றி, நிகழ்வு கடந்த காலத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

நாள் 13 அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்த ஆபத்து இல்லை. பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் மென்பொருள் தானாகவே சரியான பக்கம் திரும்பிவிடும். 1 முதல் 12 வரையுள்ள நாள்களில்தான் அது ஏமாற்றும். நல்லவேளையாக நம் பத்திரிகைகள் ஒரே நாளை மூன்று விதமாகச் சொல்கின்றன. முதல் சோதனை கிழமை: 2025 ஏப்ரல் 9 புதன்கிழமை, பத்திரிகையில் இருப்பதோ வியாழன். இரண்டாவது சோதனை தமிழ்த் தேதி: அந்த ஆண்டு ஆவணி முதல் நாள் ஆகஸ்ட் 17இல் வந்ததால், ஆவணி 15 ஆகஸ்ட் 31ஆகவும், ஆவணி 19 செப்டம்பர் 4ஆகவும் அமையும். தமிழ் மாதப் பிறப்பு ஆண்டுக்கு ஆண்டு ஒரு நாள் முன்பின் ஆகக்கூடும் என்பதால், மனக்கணக்கை விடச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் தாளைப் புரட்டிப் பார்ப்பதே உறுதி. சேமித்த நிகழ்வின் கிழமையும் பத்திரிகையின் கிழமையும் பொருந்துகின்றனவா என்று பார்க்க இரண்டு நொடி போதும். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

தேதியைக் கையால் திருத்திய பிறகு நேரத்தைப் பார்த்தேன். பிற்பகல் 1.30 என்று இருந்தது. சுழித்து எழுதப்பட்ட பொன் எழுத்தில் 7இன் தலைக்கோடு விளக்கொளியில் பளபளத்து மறைந்துபோக, அது 1 ஆகிவிட்டிருக்கிறது. ‘காலை’ என்ற சொல்லும் கணக்கில் வரவில்லை. எனக்கு அதில் ஐயமே எழவில்லை, ஏதோ மதிய முகூர்த்தம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் பேசும்போது பேச்சுவாக்கில் சொன்னேன். “வியாழக்கிழமை ஒன்றரைக்கு ராகு காலம் பிறந்துவிடுமேடா, அந்த நேரத்தில் யாராவது தாலி கட்டுவார்களா? நன்றாகப் பார்” என்றார்.

இதைவிடக் கூர்மையான சரிபார்ப்பை எந்த மென்பொருளும் எனக்குத் தந்ததில்லை. வியாழக்கிழமையில் ராகு காலம் பிற்பகல் 1.30 முதல் 3.00 வரை, எமகண்டம் காலை 6.00 முதல் 7.30 வரை. பத்திரிகையில் முகூர்த்தம் சரியாக 7.30க்குத் தொடங்குவதன் காரணமும் அப்போதுதான் புரிந்தது. எமகண்டம் முடிந்த கையோடு நேரம் குறித்திருக்கிறார்கள். லக்னமும் இதற்குச் சாட்சி சொல்கிறது. ஆவணியில் சூரியன் சிம்மத்தில் இருப்பதால் விடியும்போது சிம்ம லக்னம் நடக்கும். அதற்கு அடுத்ததாகிய கன்னி, மாதத்தின் பிற்பாதியில் காலை ஏழு மணியை ஒட்டித் தொடங்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீடிக்கும். ஆகவே கன்னி லக்னம் என்று அச்சிட்டிருக்கும் ஆவணிப் பத்திரிகையில் பிற்பகல் 1.30 என்று நாட்காட்டி காட்டினால், எண் தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். தேவாலயத் திருமணத்துக்கும் நிக்காஹுக்கும் சுயமரியாதைத் திருமணத்துக்கும் இந்தச் சோதனை உதவாது. அங்கே கிழமையும் ‘காலை’, ‘மாலை’ என்ற சொற்களுமே துணை.

இன்னொன்றையும் நான் கையால் மாற்ற வேண்டியிருந்தது. ‘7.30 மணிக்கு மேல் 9.00 மணிக்குள்’ என்பது தாலி கட்டுவதற்கான இடைவெளி. கைப்பேசி முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் ஒரு மணி நேரம் கூட்டி நிகழ்வை முடித்துவிட்டிருந்தது. முடிவு நேரத்தை 9.00 என்று மாற்றி, நினைவூட்டலை இரண்டு மணி நேரத்துக்கு முன்பாக வைத்தேன். 7.30க்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறவருக்குத் தாலி கட்டுவதைப் பார்க்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

இவ்வளவும் திருத்திவிட்டோம் என்ற நிம்மதியில் ஆகஸ்ட் 14 அன்று சென்னையில் இறங்கிக் கைப்பேசியைத் திறந்தால், முகூர்த்தம் மாலை 5.00 மணிக்கு என்று இருந்தது. பிழை என்னுடையதுதான். டொராண்டோவில் இருந்தபடி 7.30 என்று பதிந்தபோது அது டொராண்டோ நேரமாகப் பதிவாகியிருக்கிறது. கோடையில் இந்திய நேரம் அதைவிட ஒன்பதரை மணி நேரம் முன்னால் இருப்பதால், இந்தியாவில் இறங்கியதும் கைப்பேசி கணக்குப்போட்டு மாலை ஐந்தாக மாற்றிக் காட்டியது. நேரத்துக்கு அருகிலேயே இருக்கும் நேர மண்டலப் பகுதியில் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுத்திருந்தால் இது நேர்ந்திருக்காது. வெளிநாட்டிலிருந்து ஊர்க் கல்யாணத்தைக் குறித்து வைப்பவர்கள் எல்லோரும் இந்த ஓர் இடத்தில்தான் அதிகம் சறுக்குகிறோம் என்று நினைக்கிறேன். சறுக்கியது ஊருக்கு வந்த பிறகுதான் தெரியும் என்பது இதில் உள்ள கொடுமை.

கும்பகோணம் போய்ச் சேர்ந்த மறுநாள், எங்கள் தெருமுனையில் உள்ள ஜெராக்ஸ் கடைக்கு அசல் பத்திரிகையுடன் சென்றேன். கனடாவில் இருக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் தெளிவான படம் அனுப்ப வேண்டும் என்பதுதான் நோக்கம். கடையில் இருந்த பெண், ஸ்கேன் செய்தால் பொன் எழுத்து கறுப்பாகத்தான் விழும் என்று சொல்லி, பத்திரிகையைக் கடை வாசலில் வெயில் நேரடியாகப் படாத நிழலுக்கு எடுத்துச் சென்று, சற்றுச் சாய்த்துப் பிடித்து, பிளாஷ் இல்லாமல் படம் எடுத்துக் கொடுத்தார். அந்தப் படத்தில் 7, 7 ஆகவே தெரிந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புமாறும் அவரே சொன்னார்; படமாக அனுப்பினால் கோப்பு சுருங்கி எழுத்தின் விளிம்பு கலங்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் எடுத்தது எடுத்தபடி போகும். இதற்கு அவர் வாங்கியது பத்து ரூபாய்.

அச்சகத்தாரிடமிருந்து மூலக் கோப்பையே பெற்றுவிட்டால் படம் எதற்கு என்று எனக்குத் தோன்ற, பெரியப்பா மகன் அதையும் வாங்கித் தந்தார். கோப்பு பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ‘திருமணம்’ என்ற சொல்லை நகலெடுத்து ஒட்டினால் `jpUkzk;` என்று விழுந்தது. யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தமிழாகவும் கணினிக்கு ஆங்கில எழுத்துக் குவியலாகவும் இருக்கும் அந்த வாசகத்திலிருந்து நாட்காட்டி எதையும் எடுக்காது. ஆகவே நிழலில் எடுத்த படமே மேல் என்று திரும்பி வந்தேன்.

அசலைக் கையில் வைத்துப் படித்தபோதுதான் இடமும் உடையும் தெளிவாயின. முகூர்த்தம் சுவாமிமலை சுவாமிநாத சுவாமி கோயிலில். முந்தின நாள், அதாவது செப்டம்பர் 3 புதன்கிழமை மாலை 6.00 மணிக்கு வரவேற்பு, அங்கிருந்து ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தள்ளிக் கும்பகோணத்தில் ஒரு மண்டபத்தில். கைப்பேசி இரண்டையும் ஒன்றாக்கி, இடம் என்ற கட்டத்தில் பத்திரிகையின் அடியில் இருந்த பெரியப்பா வீட்டு முகவரியையும், குறிப்பில் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் தொலைபேசி எண்ணையும் நிரப்பியிருந்தது. நான் அதை அழித்துவிட்டு இரண்டு தனித்தனி நிகழ்வுகளாக எழுதினேன். இடத்தில் வெறுமனே கோயில் பெயரையோ மண்டபப் பெயரையோ எழுதாமல் ஊரையும் மாவட்டத்தையும் சேர்த்தேன். டெல்லியில் உள்ள மலை மந்திருக்கும் உத்தர சுவாமிமலை என்றே பெயர், மகால் என்று முடியும் மண்டபங்களோ ஊருக்கு ஊர் ஒரே பெயரில் இருக்கின்றன. முகூர்த்த நிகழ்வின் குறிப்பில் ‘60 படிகள்’ என்றும் எழுதி வைத்தேன். தமிழ் வருடங்கள் அறுபதையும் குறிக்கும் அந்தப் படிகளில் முழங்கால் வலியுள்ள அம்மாவை ஏற்றுவதற்குக் கால் மணி நேரமாவது கூடுதலாக வேண்டும்.

உடை பற்றிய வரி, நான் டொராண்டோவில் பார்த்த படத்தில் இல்லவே இல்லை. பத்திரிகைக்குள் செருகியிருந்த சிறிய வரவேற்பு அட்டையில், ஆங்கிலச் சாய்வெழுத்தில், வரவேற்புக்குப் பச்சை அல்லது பொன்னிறச் சாயல் என்றும், முகூர்த்தத்துக்குப் பட்டும் வேட்டியும் என்றும் இருந்தது. படம் எடுத்தவர் அந்த அட்டையைப் பிரித்து எடுக்கவில்லை. நாட்காட்டியில் உடைக்கென்று தனிக் கட்டம் கிடையாது. குறிப்பில் எழுதினால் அன்றைய காலையில்தான் கண்ணில் படும். பச்சைப் புடவைக்கு ரவிக்கை தைக்க வேண்டியிருந்ததாலும், முகூர்த்த நாள் நெருக்கத்தில் தையற்காரர் பத்து நாளாவது கேட்டதாலும், ஆகஸ்ட் 22 அன்று ‘ரவிக்கைத் துணி கொடுக்க’ என்று மூன்றாவது நிகழ்வு ஒன்றைச் சேர்த்தேன். என் மனைவி கல்யாணத்துக்குச் சரியான நிறத்தில் வந்ததற்கு இந்த மூன்றாவது நிகழ்வே காரணம்.

திருத்திய நிகழ்வுகளைத் தம்பிக்கும் தங்கைக்கும் பகிர்ந்தபோது அவர்கள் கைப்பேசியில் முகூர்த்தம் செப்டம்பர் 3, இரவு 10.00 மணி என்று தெரிந்தது. தேதி தவறாக இருக்கிறதே என்று தம்பி உடனே அழைத்தான். இந்த முறை தவறு இல்லை, சுவாமிமலையில் வியாழன் காலை ஏழரை உங்களுக்குப் புதன் இரவு பத்து என்று விளக்கினேன். நேரலையைப் பார்க்க இருவரும் சரியாகப் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தார்கள். தாலி கட்டும்போது அங்கே மணி பத்தே முக்கால்.