முடிக்காத பட்டப்படிப்பை விண்ணப்பத்தில் எழுதுவது: நான்கு வழிகள்

வன்னியில் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களில் படிப்பை இடையில் விட்டவர்கள் நிறையப் பேர். 2008, 2009 இடப்பெயர்வில் விட்டவர்கள் ஒரு தலைமுறை. அதற்கு அடுத்து, 2022 நெருக்கடியில் வீட்டைப் பார்க்க வேண்டியிருந்ததால் நின்றவர்கள். இவர்களில் பலர் சீ.வி.யை நன்றாகவே தயாரிக்கிறார்கள். கவரிங் லெட்டரில் அந்தப் படிப்பைப் பற்றி எழுதும் இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சிப் பிள்ளை ஒருவர். மூன்றாண்டு வணிகப் பட்டப்படிப்பில் இரண்டு ஆண்டு முடித்தவர். 2022இல் தகப்பனுக்குச் சுகமில்லாமல் போனதால் நிறுத்தினார். அதன்பிறகு பரந்தன் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறார். இப்போது ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு உதவியாளர் பதவிக்கு விண்ணப்பிக்கிறார். அவர்கள் கேட்பது ஏ.எல். வணிகப் பிரிவில் சித்தியும், கணக்கு வேலையில் அனுபவமும். அவருக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, அந்தப் படிப்பைச் சொல்லாமல் விடுவது. இது பொய் இல்லை. முதல் செமஸ்டரும் முடியாமல் நின்றவருக்கு இதுதான் சரியான வழி என்றும் நினைக்கிறேன், ஏனென்றால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பிள்ளைக்கு ஏ.எல். முடிந்த ஆண்டுக்கும் ஆலையில் சேர்ந்த ஆண்டுக்கும் நடுவே வெற்றிடம் விழும். நேர்முகத்தில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். அதோடு இங்கே ஊர் சின்னது. நேர்முகக் குழுவில் ஒருவருக்காவது "அவர் கம்பஸ் போனவர்தானே" என்று தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் விட, இரண்டு ஆண்டு படித்த கணக்கீடு முழுவதும் கணக்கில் வராமல் போய்விடும்.

இரண்டாவது வழி, முடித்தது போலத் தோன்ற எழுதுவது. படிப்பின் பெயரைப் போட்டு "2019 – 2022" என்று மட்டும் எழுதிவிடுவார்கள். வாசிப்பவர் பட்டதாரி என்றே எடுத்துக்கொள்வார். பதிவே இல்லாமல் "தொடர்ந்து படித்து வருகிறேன்" என்று எழுதுவதும் இதே வகைதான். சான்றிதழ்களைச் சரிபார்க்கும் நாளில் இது வெளிவரும். அப்போது படிப்பு முடியாதது பெரிய விடயமாக இருக்காது, மறைத்ததுதான் பெரிதாகும். கணக்கு வேலைக்கு வருகிறவரிடம் அதை எந்தச் சங்கமும் பொறுக்காது. இந்த வழியை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மூன்றாவதுதான் இங்கே எல்லோரும் எழுதுவது: "தவிர்க்க முடியாத காரணங்களால் எனது பட்டப்படிப்பைத் தொடர முடியாமல் போனது என்பதை மிகவும் மனவருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்." மரியாதையான வசனம்தான். பிரச்சினை என்னவென்றால், காரணத்தைச் சொல்வது போலத் தொடங்கி அதைச் சொல்லாமலே முடிகிறது. வாசிப்பவர் அந்த இடத்தைத் தானே நிரப்பிக்கொள்வார். பரீட்சையில் தவறினாரா, ஏதும் ஒழுக்காற்றுப் பிரச்சினையா என்று யோசிப்பார். தகப்பனின் வருத்தம் என்ற உண்மை அந்த ஊகங்களை விட எவ்வளவோ நல்லது. இன்னொன்று, இந்த வசனத்தில் விண்ணப்பதாரர் என்ன படித்தார் என்பதே இல்லை. முடியாமல் போனது மட்டும்தான் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான தவறு ஒரு பக்கம் முழுக்கக் கதை எழுதுவது. ஆஸ்பத்திரிக்கு எத்தனை தரம் போனது, கடன் எவ்வளவு, யார் உதவவில்லை என்று எல்லாம் வரும். எழுதுகிறவரின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் விண்ணப்பங்களைப் பிரிக்கிறவர் அந்தப் பக்கத்தில் கணக்குத் தெரியுமா என்பதைத் தேடிக் களைத்துப் போவார்.

நான்காவது வழி மூன்று வசனம். முடித்தது, நின்ற காரணம் அரை வரியில், பிறகு செய்தது. அந்தப் பிள்ளை இப்படி எழுதலாம்:

"மூன்றாண்டு வணிகப் பட்டப்படிப்பில் முதல் இரண்டு ஆண்டுகளை முடித்து, 90 கிரெடிட்டில் 60ஐப் பெற்றுள்ளேன். நிதிக் கணக்கீடும் கிரயக் கணக்கீடும் அவற்றில் அடங்கும். 2022இல் தந்தையின் சுகவீனத்தால் படிப்பை நிறுத்திய பின், அரிசி ஆலையொன்றில் நெல் கொள்வனவுப் பதிவேட்டையும் மாதாந்த வங்கிக் கணக்கிணக்கத்தையும் நானே செய்து வருகிறேன்."

இதில் "துரதிர்ஷ்டவசமாக" இல்லை, "மன்னிக்கவும்" இல்லை. படிப்பு நின்றது ஒரு வசனத்தின் நடுவே போகிறபோக்கில் வருகிறது. வசனம் முடிவது வேலையில். அந்த வரிசை முக்கியம். "வேலை செய்கிறேன், ஆனால் படிப்பை முடிக்கவில்லை" என்று திருப்பிப் போட்டால், கடைசியில் மனதில் நிற்பது முடிக்காததுதான். இந்தப் பகுதியைக் கடிதத்தின் தொடக்கத்திலும் வைக்க வேண்டாம். எந்தப் பதவி, அதற்கு ஏன் பொருத்தம் என்று சொல்லும் பந்திக்குப் பிறகு வரட்டும்.

60 என்ற எண் எங்கிருந்து வந்தது? இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 90 கிரெடிட், நான்காண்டு சிறப்புப் பட்டத்துக்கு 120. ஆண்டுக்கு 30 என்று வைத்துக்கொள்ளலாம். சித்தியடைந்த பாடங்களை மட்டும் கூட்ட வேண்டும். இரண்டு ஆண்டு இருந்து, மூன்று கிரெடிட் பாடங்கள் இரண்டில் சித்தியில்லை என்றால், எழுத வேண்டியது 54. அப்போது "இரண்டு ஆண்டுகளை முடித்து" என்பதையும் எடுத்துவிட்டு "54 கிரெடிட்டைப் பெற்றுள்ளேன்" என்று மட்டும் எழுதினால் சரி. இந்த எண்ணை நினைவில் இருந்து எழுதாமல், பல்கலைக்கழகத்திடம் பெறுபேற்றுக் கூற்றைக் கேட்டு வாங்கிப் பார்த்து எழுதுங்கள். கேட்கப் போகும்போதே இன்னொன்றையும் விசாரியுங்கள்: சில பட்டப்படிப்புகளில் குறித்த அளவு கிரெடிட்டோடு வெளியேறுகிறவருக்கு டிப்ளோமா கொடுக்க இடமுண்டு. அது கிடைத்தால் விளக்கமே தேவைப்படாது, தகைமையாகவே எழுதலாம்.

காரணம் சுகவீனம் இல்லாமல் வேறாக இருந்தால்? தனக்கே வருத்தம் என்றால் "உடல்நலக் குறைவால் நிறுத்தினேன், இப்போது பூரண நலம்" என்ற அளவு போதும். நோயின் பெயர் வேண்டாம். படிப்பு பிடிக்கவில்லை, பரீட்சை சரிவரவில்லை என்றால் காரணத்தையே விட்டுவிட்டு "2022இல் அப்படிப்பிலிருந்து விலகி" என்று எழுதலாம். பொய்க் காரணம் எழுதுவதை விட அது மேல். நேர்முகத்தில் கேட்டால் உண்மையைச் சொல்லலாம்.

இடப்பெயர்வால் நின்றவர்கள் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். கடிதத்தை வாசிப்பவர் முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ இருந்தால் "2009" என்ற ஆண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடும். கொழும்பிலுள்ள தலைமை அலுவலகத்துக்குப் போகிற கடிதத்தில் "2008 – 2009 போர்க்கால இடப்பெயர்வால்" என்று விரித்து எழுதுங்கள். அதற்கு மேல் அங்கேயும் வேண்டாம். என்ன நடந்தது என்பதை யாரிடம், எவ்வளவு சொல்வது என்ற முடிவு உங்களுடையது. ஒரு வேலைக் கடிதம் அதைக் கேட்கும் இடமில்லை.

இந்த நான்காவது வழிக்கும் எல்லை உண்டு. விளம்பரத்தில் "அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகப் பட்டம்" கட்டாயத் தகைமையாக இருந்தால், எவ்வளவு நன்றாக எழுதினாலும் விண்ணப்பம் முதல் பிரிப்பிலேயே போய்விடும். அரச பதவிகளில் இது கண்டிப்பானது. "பட்டம் அல்லது அதற்குச் சமமான தகைமையும் அனுபவமும்", "பட்டம் விரும்பத்தக்கது" என்று போடுகிற கூட்டுறவுச் சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள், தனியார் கம்பனிகளில்தான் அந்த மூன்று வசனம் வேலை செய்யும்.

கூப்பிட்டால் நேர்முகத்தில் அநேகமாகக் கேட்பது, "திரும்பப் போய்ப் படிப்பீர்களா?" என்பது. அவர்கள் அறிய விரும்புவது, சேர்ந்த ஆறு மாதத்தில் விட்டுவிட்டுப் போவீர்களா என்று. திறந்த பல்கலைக்கழகத்திலோ ஏ.ஏ.டி.யிலோ உண்மையில் பதிவு செய்திருந்தால், வகுப்பு எந்த நாளில், வேலை நேரத்தோடு இடிக்குமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பதிவு இல்லையென்றால் "இப்போதைக்கு இல்லை, இந்த வேலையில்தான் கவனம்" என்று சொல்லுங்கள்.