கைடுலைன் வேல்யூவா, பத்திர விலையா? ஹைவே நிலத்துக்கு எதை வச்சு கேக்குறது

நேஷனல் ஹைவேக்கு நிலம் போச்சு, இழப்பீடு அவார்டுல போட்ட தொகை பத்தலன்னா ஆர்பிட்ரேட்டர்கிட்ட, பெரும்பாலும் கலெக்டர்தான், மனு போடலாம். அங்க எதைக் காட்டுறோம்ங்கறதுதான் மேட்டரு.

பத்திரப்பதிவுக்கு அரசு வச்சிருக்கிற கைடுலைன் வேல்யூ ஈஸி, ஆன்லைன்லயே சர்வே நம்பர் போட்டா வந்துடும், ஆனா ஆபீசருங்க அதை ஏற்கனவே பாத்துட்டுதான் வந்திருப்பாங்க. அதையே திரும்ப காட்டி என்ன பண்றது?

பத்திரம் அலைச்சல்தான். பக்கத்து சர்வே நம்பருக்கெல்லாம் வில்லங்கம் போட்டு, நிலத்தை எடுக்கப் போறோம்னு அரசு விடுற 3ஏ நோட்டிபிகேஷனுக்கு முந்துன மூணு வருஷ கிரையத்தைப் பாத்து, சர்டிபைடு காப்பி எடுக்கணும். ஆனா 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டத்துல அதிக விலை உள்ள பாதி பத்திரங்களோட சராசரியதான் எடுக்கணும், அதுவும் கைடுலைனும் எது அதிகமோ அதுதான் மார்க்கெட் வேல்யூ.

உதாரணத்துக்கு, சென்ட் 40, 50, 70, 80 ஆயிரம்னு நாலு பத்திரம் இருந்தா மேல உள்ள ரெண்டோட சராசரி 75 ஆயிரம். கைடுலைன் 35 ஆயிரம்னா, 20 சென்டுக்கு 7 லட்சம் எங்க, 15 லட்சம் எங்க! அதுமேல நிலத்தைக் கட்டாயமா எடுக்குறதுக்கு ஆறுதலா குடுக்குற 100% சொலேஷியம் வேற, கிராமப்புறம்னா மார்க்கெட் வேல்யூவைக் கூட்டிக் குடுக்குற பெருக்கல் காரணியும் உண்டு.

பத்திரம் சறுக்குற இடமும் இருக்கு. ரெண்டு சென்ட் மனை பத்திரத்தை காட்டி நஞ்சைக்கு அதே ரேட் கேட்டா டெவலப்மென்ட் செலவுன்னு ஒரு பங்கை கழிச்சிடுவாங்க. நோட்டிபிகேஷனுக்கு அப்புறம் எழுதுனது கணக்குலயே வராது. நம்ம ஊர்ல ஸ்டாம்ப் டூட்டிக்கு பயந்து எல்லாரும் விலையை கம்மியா எழுதி வச்சிருந்தா, பேசாம கைடுலைனே தேவலாம்.