டெலிவரி வண்டி வைத்திருப்பவர்கள் டீசல் நோட்டில் இதைப் பாருங்கள்

திண்டுக்கல்லில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். சரக்கு போட ஒரு குட்டி யானை வண்டி இருக்கிறது. ஐந்து மாதமாக அதன் டீசலில் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். போன வாரம்தான் கண்டுபிடித்தேன்.

டீசல் செலவு மாதம் 12,500 ரூபாய்க்குள் இருந்தது, 15,800 ஆனது. கேட்டால், "லோடு ஜாஸ்திண்ணே, கடைத்தெருவுல டிராஃபிக்" என்பார் டிரைவர். நானும் மாதக் கடைசியில் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்தேன். கூடவே மாத மைலேஜையும் போட்டுப் பார்த்தேன். 2,430 கிலோமீட்டர், 172 லிட்டர், லிட்டருக்கு 14. முன்பு 18 கொடுத்த வண்டி. பழசாகிவிட்டது என்று மெக்கானிக்கிடம் விட்டு ஏர் ஃபில்டர் மாற்றினேன், பிரேக் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை.

அப்புறம்தான் மாதக் கணக்கை விட்டுவிட்டு ஒவ்வொரு ஃபில்லிங்கையும் தனியாகப் போட்டேன். ஒரு ஃபுல் டேங்குக்கும் அடுத்த ஃபுல் டேங்குக்கும் நடுவே ஓடிய தூரத்தை, இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுக்க வேண்டும். பெரும்பாலான வரிகளில் 17, 18 சரியாக வந்தது. மூன்று வரிகள் மட்டும் அடியோடு சரிந்திருந்தன.

அதில் ஒன்று பழனி டிரிப். போக வர 128 கிலோமீட்டர். முந்தின நாள்தான் ஃபுல் டேங்க். இந்த ஓட்டத்துக்குச் செலவாகியிருக்கக்கூடியது 7 லிட்டர், மலைபோல லோடு ஏற்றியிருந்தாலும் 9. ஆனால் பில் 23.5 லிட்டருக்கு. டேங்கே 30 லிட்டர்தான்! 21 லிட்டருக்கு மேல் டீசல் கிடக்கிற டேங்கில் 23.5 லிட்டர் எப்படிப் பிடிக்கும்? ஒன்று, வேறு வண்டிக்கோ கேனுக்கோ போட்ட டீசலின் பில். இல்லையென்றால் நடுவழியில் டேங்கிலிருந்து உறிஞ்சியிருக்கிறார்கள். பில்லில் வண்டி எண் இடம் காலியாக இருந்தது.

வண்டியில் கோளாறு என்றால் எல்லா ஃபில்லிங்கிலும் மைலேஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஒரு நாள் 18, மறுநாள் 5, அடுத்து மறுபடியும் 18 என்று காட்டாது. இதை முதலிலேயே பார்த்திருந்தால், மாதம் 37 லிட்டர், கிட்டத்தட்ட 3,400 ரூபாய், ஐந்து மாதம் போயிருக்காது.

ஒன்றைக் கவனியுங்கள். "ஆயிரம் ரூபாய்க்குப் போடு" என்று பாதி டேங்க் போட்ட நாளில் தனியாக மைலேஜ் கணக்கிட்டால் தப்பாகத்தான் வரும். நல்ல டிரைவர் மேல் வீணாகச் சந்தேகம் விழும். அடுத்த ஃபுல் டேங்க் வரை நடுவில் போட்ட லிட்டரையெல்லாம் கூட்டிக்கொண்டு அப்புறம் வகுங்கள். கிலோமீட்டர் ரீடிங்கையும் நோட்டில் எழுதியதை வைத்து நம்பாதீர்கள். டிரைவர் தூரத்தைக் கூட்டி எழுதினால் திருட்டு மைலேஜ்கூட 18 என்றுதான் தெரியும். இப்போது பங்க்கில் நிற்கும்போதே மீட்டரையும் பில்லையும் ஒரே போட்டோவில் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். வண்டி எண் அடிக்காத பில்லுக்குப் பணம் இல்லை.