ஒரே நுண்ணோக்கி, 42 பிள்ளைகள்: வரிசையா, போனா, குழுவா?

வடசென்னையில் நான் எடுக்கும் எட்டாம் வகுப்பில் 42 பேர். பீரியட் 40 நிமிடம். பள்ளியில் நுண்ணோக்கி ஒன்றுதான். அதற்கு விளக்கு கிடையாது, அடியில் கண்ணாடி மட்டும். ஜன்னல் வெளிச்சத்தை அதில் திருப்பித்தான் பார்க்க வேண்டும். செல்லின் அமைப்பை இதை வைத்து மூன்று விதமாக நடத்திப் பார்த்துவிட்டேன். மூன்றிலும் பல்லாரி வெங்காயம்தான். துண்டை உள்பக்கமாக மடித்து உடைத்தால் குழிந்த பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய தோல் தானாக உரிந்து வரும், பிளேடே வேண்டாம்.

முதலாவது, எல்லோரும் செய்வது: வரிசையில் நிற்க வைப்பது. ஆளுக்கு 40 விநாடி என்று வைத்தாலும் 28 நிமிடம். ஸ்லைடு தயார் செய்ய ஐந்து நிமிடம், வருகைப் பதிவு போக, கணக்குப்படி பீரியட்டுக்குள் அடங்கிவிடும். கணக்கில் வராதது என்னவென்றால், ஐபீஸுக்குள் பிள்ளை என்ன பார்த்தது என்று நமக்குத் தெரியவே தெரியாது. "தெரியுதா?" என்றால் "தெரியுது மிஸ்" என்பார்கள். நோட்டைத் திருத்தும்போதுதான் உண்மை வெளிவரும். பாதிக்கு மேல் கறுப்பு விளிம்பு போட்ட அழகான வட்டம் வரைந்திருந்தார்கள். அது காற்றுக்குமிழி. செல்லைவிட அதுதான் கண்ணில் பளிச்சென்று படும், பாவம் அவர்கள் என்ன செய்வார்கள். ஒருத்தி நீளநீளமாகக் கோடுகள் வரைந்திருந்தாள். விசாரித்தால் அவளுடைய இமை முடி.

குமிழியை ஓரளவு தவிர்க்கலாம். கவர் ஸ்லிப்பை அப்படியே மேலே போடாமல், ஒரு ஓரத்தை நீரில் தொட வைத்து ஊசியால் தாங்கி மெதுவாகச் சாய்க்க வேண்டும். வரிசைக்கு இன்னொரு சிக்கல், ஸ்லைடு காய்வது. மின்விசிறிக் காற்றில் ஓரத்திலிருந்து நீர் வற்றி, இருபதாவது ஆள் வரும்போது காற்று உள்ளே நுழைந்துவிடும். சாயத்துக்குப் போடும் அயோடின் சொட்டோடு ஒரு துளி கிளிசரின் சேர்த்தால் நெடுநேரம் தாங்கும். அப்புறம் அந்தப் பெரிய திருகு. யாராவது ஒருவர் திருகிக் கவர் ஸ்லிப்பை நொறுக்குவது நிச்சயம். அதனால் வரிசை என்றால் 10 மடங்கு பொருளருகு லென்ஸோடு நின்றுவிடுங்கள், 40-க்குப் போக வேண்டாம்.

இரண்டாவது, போன். ஐபீஸின் மேல் போன் கேமராவை வைத்து, கேபிள் வழியாக வகுப்புத் திரையில் காட்டுவது. கையால் பிடித்தால் படம் ஆடும். திரையில் ஒரு கறுப்பு வட்டம் நிலா மாதிரி அலையும். பழைய ரப்பர் செருப்பின் அடியில் ஐபீஸ் அளவுக்கு ஓட்டை போட்டு வளையமாக வெட்டிச் செருகினேன், போன் அதன் மேல் அசையாமல் உட்கார்ந்துவிட்டது. கேமரா ஐபீஸிலிருந்து ஏறக்குறைய ஒரு செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். வளையத்தின் கனத்தைக் கூட்டிக் குறைத்து அந்த இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று கேமரா உள்ள போன் கிட்டே போனதும் தானாக வேறு லென்ஸுக்குத் தாவும். அந்த அமைப்பை முதலிலேயே அணைத்துவிட வேண்டும்.

இதன் பலம், எல்லோரும் ஒரே செல்லைப் பார்ப்பதுதான். "அந்த வட்டம் குமிழி, இந்த மங்கலான மஞ்சள் புள்ளி உட்கரு" என்று விரல் வைத்துக் காட்டலாம். வரிசையில் இதைச் சொல்ல வழியே இல்லை. அதைவிடப் பெரிய லாபம், அசைவைக் காட்டலாம். சாதாரணமாகப் பார்த்தால் செல் சவ்வு செல் சுவரோடு ஒட்டியிருக்கும், தனியாகத் தெரியாது. பாடத்தில் இரண்டும் வேறு என்று படித்துவிட்டு, ஸ்லைடில் ஒரே கோட்டைப் பார்த்தால் பிள்ளை எப்படி நம்பும்? அதற்குச் சாயம் வேண்டாம். வெங்காயத்தின் வெளிப்பக்கத்து ஊதாத் தோலை எடுத்துக்கொள்ளுங்கள். இது லேசில் உரியாது. ஆசிரியரே பிளேடால் சின்னச் சதுரம் கீறி உரிக்க வேண்டும். 100 மி.லி. தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு கரைத்து, கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூ காகிதத்தால் உறிஞ்ச வேண்டும். இரண்டொரு நிமிடத்தில் ஊதா நிறம் சுவரை விட்டு விலகி நடுவில் சுருங்கும். சுருங்கும் அந்த நிறத்தின் ஓரத்தை ஒட்டித்தான் சவ்வு இருக்கும். "சுவர் அப்படியே நிக்குது மிஸ், உள்ளதான் சுருங்குது" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. உடனே அதே வழியில் நல்ல தண்ணீர் விட்டால் திரும்ப விரியும். அயோடின் செல்லைக் கொன்றுவிடும் என்பதால் சாயம் போட்ட ஸ்லைடில் இதைச் செய்ய முடியாது.

போன் முறையில் எனக்கு இருக்கும் ஒரே குறை, அது வீடியோ பார்ப்பது மாதிரி ஆகிவிடுகிறது. "இது யூடியூப்லயே இருக்கே" என்று ஒருவன் கேட்டான். நியாயம்தான்.

மூன்றாவது, குழுச் சுற்று. ஆறு குழு, குழுவுக்கு ஏழு பேர். நுண்ணோக்கி மேசையில் ஒரு குழு, மற்றவர்கள் தோல் உரித்து ஸ்லைடு செய்வது, வரைவது, அளப்பது என்று சுற்றி வருவார்கள். ஒரு பீரியடில் இதை முயலவே வேண்டாம். குழுவுக்கு 6 நிமிடம் என்றாலே 36 ஆகிவிடும், இடம் மாறும் சத்தத்திலேயே மிச்ச நேரம் போய்விடும். இரட்டைப் பீரியட் கிடைத்தால் குழுவுக்கு 10 நிமிடம், ஆளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். தான் உரித்த தோலைத் தானே பார்ப்பது வேறு மாதிரிதான். தோல் இரண்டாக மடிந்து கிடந்தால் செல்கள் ஒன்றின் மேல் ஒன்று வலை போலத் தெரியும், அந்தத் தவறை அவர்களே கண்டுபிடிக்கிறார்கள்.

அளக்கும் மேசையில் செய்ததைச் சொல்கிறேன். நுண்ணோக்கியின் கீழே பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்துப் போனில் ஒரு படம், அதே லென்ஸில் வெங்காயத் தோலின் ஒரு படம். இரண்டையும் அச்செடுத்துக் கொடுத்தேன். ஸ்கேல் படத்தில் வட்டத்துக்குள் இரண்டு மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகத் தெரிந்தது, 1.8 என்று எடுத்துக்கொண்டோம். அடுத்த படத்தில் விட்டத்தின் வழியே நீளவாக்கில் 5 செல்கள். 1.8-ஐ 5-ஆல் வகுத்தால் 0.36 மி.மீ. ஸ்கேலின் ஒரு மி.மீ. இடைவெளியில் ஏறக்குறைய மூன்று செல் அடங்கும் என்றதும் ஸ்கேலை எடுத்து உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

என் கணிப்பு: ஒரே பீரியட்தான் என்றால் யோசிக்காமல் போன். இரட்டைப் பீரியட் என்றால் முதல் 15 நிமிடம் போனில் குமிழி எது, உட்கரு எது என்று காட்டிவிட்டு, அப்புறம் குழு. இது முன்பின் மாறக்கூடாது. எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தபின் ஐபீஸில் கண் வைத்தால் அந்த ஒரு நிமிடம் போதும். வெறும் வரிசை, போனும் திரையும் இல்லாத நாளுக்கு மட்டும். அன்றைக்கும் பார்த்ததை அங்கேயே நின்று வரைய வைத்து, குமிழி வரைந்தவரைத் திருப்பி அனுப்புங்கள். ஜன்னல் பக்கம் நேர் வெயில் விழும் நேரமாக இருந்தால் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பவே கூடாது, கண்ணுக்கு ஆபத்து.

எந்த முறையானாலும் ஒருவர் கேட்பார்: "மைட்டோகாண்ட்ரியா எங்க மிஸ்?" இந்த ஸ்லைடில், இந்த லென்ஸில் அது தெரியாது. பசுங்கணிகமும் தெரியாது, மண்ணுக்குள் இருட்டில் வளரும் வெங்காயத்தில் அது இருக்காது. அதனால் படத்தின் கீழே "பார்த்தது", "புத்தகத்தில் உள்ளது" என்று இரண்டு பத்தி போட்டு எழுதச் சொல்கிறேன். செல் சுவர், உட்கரு, சைட்டோபிளாசம் முதல் பத்தியில். உப்புத் தண்ணீர் செய்த வகுப்புக்குச் செல் சவ்வும் அங்கே சேரும்.