ராத்திரி பதினொன்றா, பகல் பதினொன்றா? மோட்டாரும் வாஷிங் மெஷினும் எப்போது ஓடினால் லாபம்

ஸ்மார்ட் மீட்டர் வந்தால் நேரத்துக்கு ஒரு விலை, அதனால் துணி துவைப்பதை ராத்திரிக்கு மாற்றிவிடலாம், கட்டணம் குறையும் என்று எங்கள் மாடியில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். தமிழ்நாட்டில் உயர் அழுத்த மின்சாரம் வாங்கும் ஆலைகளுக்கு ராத்திரிச் சலுகை இருப்பதால் வந்த எண்ணம் அது. வீடுகளுக்கு 2023 மத்திய விதி சொல்வது வேறு: வெயில் அடிக்கும் எட்டு மணி நேரத்துக்கு வழக்கமான விலையைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவு, உச்ச நேரத்துக்குக் குறைந்தது 10 சதவீதம் அதிகம். சூரிய மின்சாரம் பகலில்தான் குவிகிறது, அதனால் மலிவு நேரம் பகல்தான். எந்த மணியிலிருந்து எந்த மணிவரை என்பதை மாநில ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்யும்.

கணக்குக்காக வழக்கமான விலை யூனிட்டுக்கு 8 ரூபாய், உச்ச நேரம் மாலை ஆறு முதல் பத்து, ராத்திரி பத்துக்கு மேல் வழக்கமான விலை என்று வைத்துக்கொள்வோம். உச்சத்தில் 8.80, வெயிலில் 6.40.

முதலில் மோட்டார். ஒரு குதிரைத்திறன் போர் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். தினமும் மாலை ஏழு மணிக்கு ஒரு மணி நேரம் ஓடுவதைக் காலை பதினொன்றுக்கு மாற்றினால் இரண்டு மாதத்தில் 60 யூனிட்டுக்கு 144 ரூபாய் மிச்சம். ராத்திரிக்கு மாற்றினால் 48 ரூபாய்தான். தொட்டி ஒரு நாள் தண்ணீரைத் தாங்கினால் போதும், ஒரு டைமர் மாட்டிவிட்டால் யாரும் காத்திருக்கவும் வேண்டாம்.

வாஷிங் மெஷின் ஏமாற்றம். பச்சைத் தண்ணீரில் ஒரு தடவைக்கு கால் யூனிட்கூட ஆகாது, முப்பது தடவை பகலுக்கு மாற்றினாலும் இருபது ரூபாய்க்குள்தான். ஹீட்டர் போட்டுத் துவைப்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். மாவு அரைக்கும் கிரைண்டர் அதைவிடச் சின்னது, விட்டுவிடுங்கள்.

கீசர் கொஞ்சம் சிக்கல். 15 லிட்டரைச் சூடாக்க அரை யூனிட் போதும், ஆனால் மத்தியானம் சூடாக்கியது மறுநாள் காலைக்குள் ஆறிவிடும், திரும்பப் போட வேண்டியிருக்கும். சாயங்காலம் குளிப்பவர்களுக்கு மட்டும் சரி, அப்புறம் சென்னை மாடித் தொட்டித் தண்ணீர் மே மாதத்தில் தானே கொதிக்கிறது!

ஏசிதான் பெரிய ஆள், ஆனால் நகர்த்த முடியாத ஆள். ராத்திரி எட்டு முதல் பத்து வரை போடுவது தினமும் இரண்டு யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 1,056 ரூபாய். அந்த இரண்டு மணி நேரத்தைப் பத்துக்குப் பிறகு தள்ளினால் 96 ரூபாய்தான் குறையும். மத்தியானமே அறையைக் குளிரவைத்துப் பார்க்கலாம் என்றால், பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் கூரை ராத்திரி வரை சூட்டைத் திருப்பித் தள்ளிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, நேரத்தை மாற்றினாலும் யூனிட் குறையாது. நம் வீட்டு பில்லில் இரண்டு மாத மொத்த யூனிட்டை வைத்துத்தான் ஸ்லாப் ஏறுகிறது, அந்த முறை தொடர்ந்தால் 510 யூனிட் என்பது எந்த நேரத்தில் ஓடியிருந்தாலும் 510 தான். 500-ஐக் கொஞ்சம் தாண்டும் வீட்டுக்கு, டைமர் வாங்குவதற்கு முன்னால் அந்தப் பத்து யூனிட்டைக் குறைக்க வழி பார்ப்பதுதான் முதல் வேலை.