ஹார்ட் டிஸ்க்கைத் திறப்பதா, லேபிளைத் திரும்ப வரைவதா?

கொழிஞ்சாம்பாறை,
புதன் இரவு.

அண்ணாவுக்கு வணக்கம்.

போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன். உங்கள் எண்ணெய் லேபிள்களின் ஒரிஜினல் ஃபைல்கள் ஆறும் இப்போது என் கையில் இல்லை. திங்கட்கிழமை பொள்ளாச்சி அச்சகத்துக்குப் போகும்போது, பஸ் படியில் பை நழுவி 1 டிபி ஹார்ட் டிஸ்க் கீழே விழுந்தது. இன்னொரு காப்பி வைத்துக்கொள்ளாதது முழுக்க என் தப்பு. கோரல்ட்ரா தானாக எடுத்து வைக்கும் `Backup_of_` ஃபைல்களும் ஒரிஜினல் பக்கத்திலேயே, அதே டிஸ்க்கில்தான் இருந்தன. விழுந்தது டிஸ்க் என்றால் அந்த பேக்கப்பும் சேர்ந்தே விழுந்தது.

வீட்டுக்கு வந்து ஒரே ஒரு தடவை செருகிப் பார்த்தேன். ‘டக்… டக்… டக்’ என்று ஒரே சீராகச் சத்தம் வந்தது, கம்ப்யூட்டரில் டிஸ்க் தெரியவே இல்லை. உடனே பிடுங்கிவிட்டேன். டிஸ்க் அமைதியாகச் சுற்றி, சரியான அளவும் காட்டினால் ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டுப் பார்க்கலாம். இந்தச் சத்தம் வந்தால் உள்ளே படிக்கும் ஹெட் போய்விட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்பத் திரும்பக் கரண்ட் கொடுத்தால் உடைந்த ஹெட், ஃபைல்கள் பதிந்திருக்கும் தட்டையே கீறிவிடும், கீறிய இடத்தில் இருந்தது எவர் கைக்கும் வராது. ‘கொடுங்க, சாஃப்ட்வேர் போட்டு எடுத்துத் தர்றேன்’ என்று இங்கே ஒரு கடையில் கேட்டார்கள். கொடுக்கவில்லை.

இப்போது இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, டிஸ்க்கைக் கோயம்புத்தூரில் டேட்டா ரெக்கவரி லேபுக்கு அனுப்புவது. இன்னொன்று, அச்சகத்துக்கு மெயிலில் அனுப்பிய பிரிண்ட் பிடிஎஃப்-இலிருந்து லேபிள்களைத் திரும்பக் கட்டுவது. நான் இரண்டாவதை நேற்றே தொடங்கிவிட்டேன்.

லேபைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தூசி இல்லாத இடத்தில் டிஸ்க்கைத் திறந்து, அதே மாடலில் இன்னொரு டிஸ்க் தேடி, அதன் ஹெட்டைக் கழற்றி இதில் மாட்டுவார்கள். பிறகு முழுத் தட்டையும் வேறொரு டிஸ்க்குக்கு அப்படியே நகலெடுத்து, அதிலிருந்து ஃபைல்களைப் பிரிப்பார்கள். எனக்குச் சொன்ன கணக்கு: பார்த்துச் சொல்ல 3 நாள், அதற்குமேல் 10 முதல் 20 நாள், கிடைத்தால் 18,000 ரூபாய். அந்தக் காசு என்னுடையது, உங்கள் பில்லில் வராது. தேதி மட்டும் எழுதித் தர மாட்டேன் என்கிறார்கள். பொருத்தமான மாற்று டிஸ்க் என்றைக்குக் கிடைக்கும் என்பது அவர்களுக்கே தெரியாது. நான் இதுவரை ஒரு டிஸ்க்கையும் லேபுக்கு அனுப்பியதில்லை, அதனால் எத்தனை சதவீதம் திரும்பக் கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

ஓணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ஆனால் நான் பிடிஎஃப் பக்கம் சாய்ந்ததற்குத் தேதி பெரிய காரணம் இல்லை. பின்னால் உங்களுக்கு எது உழைக்கும் என்பதுதான் காரணம்.

போன வருஷம் லேபிளில் மூன்று தடவை திருத்தம் வந்தது ஞாபகம் இருக்கும்: கஸ்டமர் கேர் நம்பர், சத்து அட்டவணை, அப்புறம் மில் முகவரி. விலையும் பேட்ச் நம்பரும் மெஷினில் குத்துவதால் அவற்றால் தொல்லை இல்லை. மற்ற எது மாறினாலும் ஃபைலைத் திறந்து டைப் செய்தாக வேண்டும். தொலைந்த ஃபைல்களில் மலையாளம் முழுக்கப் பழைய, யூனிகோட் அல்லாத ஃபான்டில் இருந்தது. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நிற்கும். அதாவது, லேப் அப்படியே மீட்டுக் கொடுத்தாலும் அது என் கம்ப்யூட்டரில் மட்டும் ஓடும் ஃபைல். நாளைக்கு நீங்கள் பாலக்காட்டில் வேறு டிசைனரிடம் கொடுத்தால் அவர் கையை விரிப்பார்.

பிடிஎஃப்-இல் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதை ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் லேபிளை வைத்தே சொல்கிறேன். பச்சையும் மஞ்சளும் அச்சு மை அளவோடு அப்படியே இருக்கின்றன, அந்த அளவு எண்களைப் பார்த்து எடுத்துவிட்டேன். வாட்ஸ்அப் படத்திலிருந்து எடுத்திருந்தால் நிறம் மாறியிருக்கும். உங்கள் அப்பா காலத்துக் கையெழுத்துப் பெயர் கோடுகளாகவே பத்திரமாக இருக்கிறது.

எழுத்துதான் சிக்கல். அச்சகத்துக்கு அனுப்பும் முன் எல்லாவற்றையும் கர்வ் பண்ணித்தான் அனுப்புவோம், அவர்களிடம் நம் ஃபான்ட் இருக்காது என்பதால். கர்வ் ஆகிவிட்டால் அது எழுத்து இல்லை, எழுத்து வடிவப் படம். போன் நம்பரில் ஓர் இலக்கத்தைப் பக்கத்து இலக்கத்தை நகலெடுத்து மாற்றிவிடலாம், சேர்மானப் பட்டியலில் ஒரு மலையாளச் சொல்லை அப்படி மாற்ற முடியாது. எனவே தமிழையும் மலையாளத்தையும் முதல் எழுத்திலிருந்து, எந்தக் கம்ப்யூட்டரிலும் எழுத்தாகவே தெரியும் யூனிகோடில் திரும்ப அடிக்கிறேன். பழைய கோரலில் யூனிகோட் ஒட்டினால், முன்னால் நிற்க வேண்டிய ஏகாரக் குறி பின்னால் போய் உட்காரும். அதனால் புது வெர்ஷனில் வேலை செய்கிறேன். இனி ஒவ்வொரு லேபிளுக்கும் இரண்டு ஃபைல்: டைப் செய்யக்கூடியது ஒன்று, கர்வ் ஆன அச்சுப் பிரதி ஒன்று. இரண்டும் உங்களிடமும் ஒரு பென் டிரைவில் இருக்கும்.

இரண்டாவது வேலை, தேங்காய்க்குக் கீழே விழும் நிழல். பிடிஎஃப்-இல் நிழல் தனியாக இல்லை. தேங்காயோடும் பின்னணிப் பச்சையோடும் ஒட்டித் துண்டு துண்டாக வெட்டப்பட்டிருக்கிறது, பெரிதாக்கிப் பார்த்தால் துண்டுகளுக்கு நடுவே மயிரிழை வெள்ளைக் கோடு தெரிகிறது. அதைத் தூக்கிவிட்டுப் புது நிழல் போடுகிறேன். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியலாம், சொல்லிவிட்டேன். பார்கோடை இழுத்து ஒட்டவில்லை. 13 இலக்கத்திலிருந்து புதிதாக உருவாக்கிக் கடை ஸ்கேனரில் அடித்துப் பார்ப்பேன்.

பிடிஎஃப் வழி தோற்கும் இடமும் இருக்கிறது. அதிலுள்ள தேங்காய்ப் படம் அந்த லேபிள் அளவுக்கு 300 டிபிஐ. சின்ன பாட்டிலுக்குக் குறைக்கலாம், கடை போர்டுக்குப் பெரிதாக்கினால் மங்கிவிடும். கேமராவில் எடுத்த அசல் படங்கள் டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தன. அந்தப் படங்களுக்காக மட்டும் டிஸ்க்கை லேபுக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறேன். வந்தால் லாபம், வராவிட்டால் ஓணம் கழிந்து நல்ல வெளிச்சத்தில் என் செலவில் திரும்ப எடுத்துத் தருகிறேன்.

சனிக்கிழமை ஒரு லிட்டர் லேபிள் உங்களுக்கு வரும். அடுத்த சனிக்கிழமைக்குள் 200 மில்லி, அரை லிட்டர், நல்லெண்ணெய், கடலை எண்ணெய் நான்கும் முடியும். அதற்குப் பிறகு இரண்டு நாள் படித்துப் பார்க்க வேண்டும். எனக்கு மலையாளம் வாசிக்க வரும், ஆனால் பள்ளிக்கூடம் தமிழில் படித்தவன், பிழை பிடிக்கும் கண் இல்லை. சித்தூரில் டீச்சராக இருக்கும் அண்ணியே படித்துத் தந்தால் நிம்மதி. அச்சகத்துக்கு ஒரு வாரம் போனாலும் ஓணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் லேபிள் மில்லில் இருக்கும்.

ஆறாவதான 5 லிட்டர் டின்னுக்கு மட்டும் என்னிடம் பிடிஎஃப் இல்லை, கையோடு கொண்டுபோய்க் கொடுத்தது அது. அச்சகத்தில் கேட்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை தேடிச் சொல்வார்கள். அவர்களிடமும் இல்லாவிட்டால் டின்னை அளந்துதான் வரைய வேண்டும். அதற்குத் தனியாக நான்கு நாள் பிடிக்கும். நாளைக்கு வேலந்தாவளம் வருகிற வண்டியில் கசங்காத ஸ்டிக்கர் ஒவ்வொன்றிலும் ஒன்று, அப்புறம் நசுங்காத டின் ஒன்று கொடுத்துவிடுங்கள். படங்களுக்காக டிஸ்க்கை அனுப்பட்டுமா என்பதையும் அப்போது சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லும்வரை அது பெட்டியில் அப்படியே இருக்கும், நான் செருக மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் டிசைனர் தம்பி