பேஸ் கிளாக்கைப் பார்த்து நீந்துதல்: ஒரு நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

நீச்சல் குளத்தில் தாங்குதிறனுக்காகப் பயிற்சி செய்பவர்களில் சிலர் நிற்காமல் தொடர்ந்து நீந்துகிறார்கள். வேறு சிலர் தூரத்தைத் துண்டுகளாகப் பிரித்து, இடையில் அளவான ஓய்வு எடுத்து, அதே தூரத்தைச் சற்றுக் கூடுதலான வேகத்தில் முடிக்கிறார்கள். சில ஆண்டுகளாக நான் இரண்டாவது வழியில்தான் நீந்தி வருகிறேன். அதற்குக் குளத்தின் ஓரத்தில் இருக்கும் பேஸ் கிளாக்கையே முதன்மைக் கருவியாகக் கொண்டிருக்கிறேன். அதை எப்படிப் பயன்படுத்துகிறேன், எங்கே அது கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை ஒரே ஒரு செட்டை முன்வைத்து இங்கே எழுதுகிறேன்: பத்து முறை 100 மீட்டர்.

பேஸ் கிளாக்கில் மணி காட்டும் முள் கிடையாது. பெரிய வட்ட முகப்பில் 5 முதல் 60 வரை எண்கள் இருக்கும்; விநாடி முள் நிமிடத்துக்கு ஒரு சுற்று வரும். சிலவற்றில் 15 விநாடி இடைவெளியில் நான்கு நிற முட்கள் இருக்கும். அப்படியானால் ஒரு நிறத்தைத் தேர்ந்துகொண்டு, அந்தச் செட் முடியும் வரை அதையே பார்க்க வேண்டும். இந்தக் கடிகாரத்தை யாரும் தொடங்குவதோ நிறுத்துவதோ இல்லை. அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நாம்தான் அதற்கேற்பப் புறப்பட வேண்டும். அதன் பயன் முழுவதும் இந்த ஓர் இயல்பில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஓய்வை இரண்டு விதமாக வரையறுக்கலாம். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் பிறகு 20 விநாடி ஓய்வு என்று வைத்துக்கொள்வது ஒரு விதம். நீந்தும் நேரத்தையும் ஓய்வையும் சேர்த்து, இத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை புறப்பட வேண்டும் என்று வைத்துக்கொள்வது மற்றொரு விதம். நீச்சல்காரர்கள் இதை சென்ட் ஆஃப் என்பார்கள். முதல் விதத்தில் ஒருவர் எவ்வளவு மெதுவாக வந்தாலும் அவருக்குரிய 20 விநாடி அப்படியே கிடைத்துவிடும். ஆகையால் வேகம் குறைவது அவருடைய கவனத்துக்கே வராமல் போகலாம். இரண்டாவது விதத்தில் மெதுவாக வருபவருடைய ஓய்வு அதே அளவுக்குச் சுருங்குகிறது. ஏழாவது, எட்டாவது 100 மீட்டரில் மூச்சு வாங்கும்போது, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கிடைக்கும் நேரம் 19 விநாடியா 12 விநாடியா என்பது உடலுக்குத் தெளிவாகவே தெரியும். தாங்குதிறன் பயிற்சிக்கு சென்ட் ஆஃப் முறையையே நான் விரும்புவதற்கு இதுதான் காரணம்.

சென்ட் ஆஃப் எவ்வளவு என்பதை ஊகத்தில் முடிவு செய்யக் கூடாது. கிரிட்டிக்கல் ஸ்விம் ஸ்பீட் எனப்படும் எளிய சோதனை இதற்குப் போதுமானது. நன்றாக வார்ம் அப் செய்த பிறகு 400 மீட்டரை முழு முயற்சியுடன் நீந்தி நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். சில நிமிடங்கள் மெதுவாக நீந்தி மூச்சு சீரானதும், 200 மீட்டரை அதே முழு முயற்சியுடன் நீந்த வேண்டும். 400 மீட்டர் நேரத்திலிருந்து 200 மீட்டர் நேரத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால், நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம் 100 மீட்டருக்கு இவ்வளவு என்று கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 400 மீட்டருக்கு 8:00, 200 மீட்டருக்கு 3:48 என்றால் வித்தியாசம் 4:12. அதில் பாதி 2:06. இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. 400 மீட்டரில் சோர்ந்துபோய் 200 மீட்டரை அரைமனதுடன் நீந்தினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குறைந்து, உண்மையைவிட வேகமான விடை வந்துவிடும். அந்த விடையை நம்பி அமைக்கும் செட் பாதியிலேயே உடைந்துவிடும்.

2:06 வேகத்துக்கு 2:25 சென்ட் ஆஃப் பொருத்தமாக இருக்கிறது. 2:06-க்குள் வந்து சேர்ந்தால் 19 விநாடி ஓய்வு கிடைக்கும். இந்த வகைச் செட்டுக்கு ஏறத்தாழ 10 முதல் 20 விநாடி ஓய்வு சரியானது. இதயத் துடிப்பு முழுவதும் இறங்குவதற்குள் அடுத்த 100 மீட்டர் தொடங்கிவிட வேண்டும் என்பதே நோக்கம். ஓய்வு ஒரு நிமிடமாக நீண்டால் ஒவ்வொரு 100 மீட்டரையும் புத்துணர்ச்சியுடன் வேகமாக நீந்தலாம். ஆனால் அது வேகப் பயிற்சியாகிவிடும். மறுபுறம் ஓய்வு ஐந்து விநாடியாகச் சுருங்கினால் தொடர்ந்து நீந்துவதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இருக்காது. கூடுதல் வேகம் கைக்கு வராது.

முள் 60-ஐத் தொடும்போது முதல் முறை புறப்படுகிறோம். அடுத்தடுத்த புறப்பாடுகள் 25, 50, 15, 40, 5, 30, 55, 20, 45 என்று அமைகின்றன. இதில் எந்த எண்ணும் இரண்டு முறை வருவதில்லை. பன்னிரண்டு முறை நீந்திய பிறகே முள் மீண்டும் 60-க்கு வரும். ஆகவே எத்தனையாவது 100 மீட்டர் என்பதை மனத்தில் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 30-இல் புறப்படுகிறோம் என்றால் அது ஏழாவது. 2:00 சென்ட் ஆஃப் வைத்தால் எப்போதும் 60-இலேயே புறப்பட வேண்டியிருக்கும். ஆறாவதா ஏழாவதா என்று லேனில் வாக்குவாதம் வருவது பெரும்பாலும் அப்படிப்பட்ட செட்டுகளில்தான்.

வந்து சேரும் நேரத்தையும் இதே எளிமையுடன் படிக்கலாம். இலக்கு 2:06 என்பதால், புறப்பட்ட எண்ணுக்கு ஆறு விநாடி தாண்டி முள் நிற்க வேண்டும்: 25-இல் புறப்பட்டால் 31, 50-இல் புறப்பட்டால் 56. நிமிடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 1:06-க்கும் 2:06-க்கும் உள்ள வேறுபாடு யாருக்கும் குழம்பாது. கை சுவரைத் தொட்ட அந்தக் கணத்திலேயே தலையைத் திருப்பி முள்ளைப் பார்த்துவிட வேண்டும். கண்ணாடியை உயர்த்தி, முகத்தைத் துடைத்து, மூச்சு வாங்கிய பிறகு பார்த்தால் மூன்று நான்கு விநாடி கூடுதலாகவே தெரியும். லேனில் பலர் இருந்தால் ஒருவர் பின் ஒருவராக ஐந்து அல்லது பத்து விநாடி இடைவெளியில் புறப்படுவது வழக்கம். ஒவ்வொருவரும் தாம் புறப்பட்ட எண்ணிலிருந்து கணக்கிட வேண்டும். முன்னால் சென்றவருடைய எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது.

என் லேனில் நீந்தும் நண்பர் ஒருவர் இதே செட்டை நீந்தியபோது கிடைத்த நேரங்கள் எனக்கு மறக்கவில்லை: 2:00, 2:02, 2:05, 2:06, 2:08, 2:10, 2:12, 2:13, 2:15, 2:15. முதல் 100 மீட்டர் முடிந்ததும் அவருக்கு 25 விநாடி ஓய்வு கிடைத்தது. ஒன்பதாவது முடிந்தபோது 10 விநாடிதான் மிஞ்சியது. எளிதாக இருந்த நேரத்தில் கூடுதல் ஓய்வும், கடினமான நேரத்தில் குறைந்த ஓய்வும் அமைந்துவிட்டன. சென்ட் ஆஃப் முறையின் பலவீனமும் இதுவே: தொடக்கத்தில் வேகமாக வருபவருக்கு அது கூடுதல் ஓய்வைப் பரிசாகக் கொடுத்து ஆசை காட்டுகிறது. அவருடைய சராசரி ஏறத்தாழ 2:09. கரையில் நின்ற பயிற்சியாளர் சொன்னது ஒன்றுதான்: “சார், அடுத்த தடவை முதல் மூணையும் 2:08-க்கு மேலயே வாங்க.” அப்படித் தொடங்கியபோது அவருக்கு எல்லாமே 2:06-க்கும் 2:09-க்கும் இடையில் வந்தன; கடைசியில்தான் வேகமும் கூடியது.

முள் காட்டாத ஒன்றைக் கைவீச்சின் எண்ணிக்கை காட்டும். 25 மீட்டர் குளத்தில் ஒரு நீளத்துக்குத் தொடக்கத்தில் 19 கைவீச்சு என்றால், களைப்பு ஏறும்போது அது 20, 21 ஆவது இயல்பு. நேரம் மாறாமல் கைவீச்சு மட்டும் 23-ஐத் தொட்டால் நீரைப் பிடிக்கும் பிடி தளர்ந்துவிட்டது, அதைக் கைகளின் அவசரத்தால் ஈடுகட்டுகிறோம் என்று பொருள். நேரமும் கூடி கைவீச்சும் கூடினால் அந்தச் செட்டை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது, அல்லது எஞ்சிய 100 மீட்டர்களுக்கு சென்ட் ஆஃபை 2:35 ஆக நீட்டிக்கொள்ளலாம். எப்படியாவது பத்தையும் முடித்துவிட வேண்டும் என்ற பிடிவாதத்தில் நீந்தும் கடைசி மூன்று 100 மீட்டர்கள் தளர்ந்த கைவீச்சுக்குத்தான் பழக்கம் தருகின்றன.

முன்னேற்றத்துக்கு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுகிறேன். பத்தும் சீராக வரத் தொடங்கியதும் முதலில் எண்ணிக்கையைப் பன்னிரண்டாகவும், பிறகு பதினைந்தாகவும் கூட்டுகிறேன். அடுத்து மீண்டும் பத்துக்கு வந்து சென்ட் ஆஃபை 2:20 ஆக்குகிறேன். அப்போது ஓய்வு 14 விநாடியாகும், மூன்று முறைக்கு ஒரு தடவை முள் 60-க்குத் திரும்பும். அதுவும் கைவந்த பிறகு ஐந்து முறை 200 மீட்டர், 4:35 சென்ட் ஆஃப். இதில் 100 மீட்டருக்கு இரண்டு விநாடி மெதுவாக, 4:16 அளவில் நீந்தினால் 19 விநாடி ஓய்வு கிடைக்கும். மொத்தத் தூரம் அதே 1,000 மீட்டர். ஆனால் நிற்கும் வாய்ப்பு பாதியாகக் குறைவதால் மனத்துக்கு இது வேறு மாதிரியான வேலை. சோதனையைச் சில வாரங்களுக்கு ஒரு முறை திரும்பச் செய்து, 2:06 என்பது 2:03 ஆகியிருந்தால்தான் இலக்கு வேகத்தை மாற்றுகிறேன்.

கையில் கட்டும் நீச்சல் வாட்ச்சையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து பழைய செட்டுகளை ஒப்பிட அது உதவுகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்திவிட்டுச் சுவரை உதைப்பதில் ஒன்றிரண்டு விநாடி பிசகிவிடுகிறது. நெரிசலான லேனில் அது இன்னும் தொல்லை. வாட்ச் இல்லாமல் செட்டை முடித்து, நேரங்களை உடனே கரையில் உள்ள பலகையிலோ நோட்டிலோ எழுதிக்கொள்வதே எனக்கு ஒத்துவருகிறது.

50 மீட்டர் குளத்துக்கு மாறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 25 மீட்டர் குளத்தில் 100 மீட்டருக்கு மூன்று முறை திரும்பி, மூன்று முறை சுவரை உதைத்துச் சறுக்குகிறோம். 50 மீட்டர் குளத்தில் அது ஒரே ஒரு முறை. அதனால் அதே முயற்சியில் நேரம் சில விநாடி கூடும். கடிகாரம் தூரமாகவும் போய்விடும்; கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குப் பவர் உள்ள நீச்சல் கண்ணாடி இல்லாமல் முள் மங்கலாகவே தெரியும். அங்கே சோதனையை மறுபடி செய்துதான் சென்ட் ஆஃபை முடிவு செய்ய வேண்டும். அதற்குள் நீந்தியாக வேண்டும் என்றால் தற்காலிகமாக 2:30 வைத்துக்கொள்ளலாம்.